மரண அறிவித்தல் நோட்டீஸ்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவு வீட்டில் நோட்டீஸ் எழுத உட்காருபவர் பெரும்பாலும் அந்த வீட்டு மருமகனோ பக்கத்து வீட்டு வாத்தியாரோதான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் வழக்கமே அடிப்படை. மற்றவர்களுக்கு மாறும் சொற்கள் 2ஆம் கேள்வியில் உள்ளன.

1. நோட்டீசில கட்டாயம் என்னென்ன வரவேணும்? எந்த ஒழுங்கில எழுதுறது?

மேலே "மரண அறிவித்தல்" என்ற தலைப்பு, படம், பெயர். அதன் கீழே நாலு பந்தி. முதலாவதில் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இறந்த திகதி. இரண்டாவது "அன்னார்" என்று தொடங்கி "ஆவார்" என்று முடியும் உறவுப் பந்தி. மூன்றாவதில் கிரியை நடக்கும் நாள், நேரம், வீடு, மயானம். நாலாவது "இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு" என்ற வேண்டுகோள். அடியில் "தகவல்: குடும்பத்தினர்" என்பதும் முகவரியும்.

நாலாவது பந்தியைச் சும்மா சம்பிரதாயம் என்று வெட்டிவிடாதீர்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியவில்லை, இதையே நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். "எனக்கு ஆரும் சொல்லேல்லை" என்ற மனத்தாங்கலுக்கு அதுவே பதில். அந்த இடத்தில் "அழைக்கின்றோம்" என்று எழுதக்கூடாது. செத்த வீட்டுக்கு அழைப்பு இல்லை, அறிவித்தல்தான்.

2. "காலமானார்" எண்டு போடுறதோ, "சிவபதமடைந்தார்" எண்டு போடுறதோ?

"காலமானார்" எவருக்கும் பொருந்தும். சந்தேகம் இருந்தால் அதையே போடுங்கள். "சிவபதமடைந்தார்", "இறைபதமடைந்தார்" என்பவை வயது போய் இறந்தவர்களுக்கு ஒத்துவரும். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி எழுதினால் வாசிப்பவருக்கு நெருடும். அங்கே சிலர் "அகாலமரணமானார்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் "என்ன நடந்தது" என்ற கேள்வி எழும் என்பதால், காரணத்தைச் சொல்ல விரும்பாத வீட்டுக்குக் "காலமானார்" போதும்.

கிறிஸ்தவர்கள் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதுவார்கள். கத்தோலிக்கருக்குத் திருப்பலி நடக்கும் ஆலயமும் நேரமும், நல்லடக்கம் நடக்கும் சேமக்காலையும் வரவேண்டும். முஸ்லிம்களின் ஜனாஸா அறிவித்தல் வேறு அமைப்பு. நல்லடக்கம் வெகு விரைவில் நடந்துவிடுவதால் அங்கே நேரமும் மையவாடியுமே முதன்மை.

3. அம்மாவை ஊரில எல்லாரும் வேற பேரிலதான் கூப்பிடுறவை. எந்தப் பேரைப் போடுறது?

இரண்டையும். பதிவுப் பெயர் பெரிய எழுத்தில், ஊர்ப்பெயர் அடைப்புக்குறிக்குள். சந்தியில் சைக்கிளை நிறுத்தி வாசிப்பவருக்கு "ராசாத்தி அக்கா" என்றால்தான் ஆள் விளங்கும். மணமான பெண்ணுக்குத் தன் பெயர் முன்னும் கணவர் பெயர் பின்னும் வரும்: திருமதி இராசம்மா கந்தையா. மணமாகாதவருக்குத் தகப்பன் பெயர் பின்னால் வரும், முன்னால் "செல்வி" அல்லது "செல்வன்". எழுபது வயதில் மணமாகாமல் இறந்த ஆணுக்குச் "செல்வன்" பொருந்தாது, "திரு" என்றே எழுதுங்கள்.

தொழிலை ஒரே வரியில் முடியுங்கள்: "ஓய்வுபெற்ற ஆசிரியை". மூன்று பட்டமும் ஐந்து பதவியும் ஏறினால் பெயர் சிறுத்துப்போகும். அவற்றுக்கு 31ஆம் நாள் அடிக்கும் நினைவு மலரில் இடம் இருக்கிறது.

4. உறவு முறையை எங்க தொடங்கி எங்க முடிக்கிறது?

மேலிருந்து கீழே. பெற்றோர், மாமன் மாமி, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இறந்தவர் என்ன முறை என்பதே எழுதப்படும், அவர்கள் இவருக்கு என்ன முறை என்பதல்ல. அவசரத்தில் அதிகம் தலைகீழாவது இதுதான். "வசந்தியின் அன்பு மகளும்" என்று எழுதிவிட்டால் தாய் மகளாகிவிடுவார். ஒவ்வொரு துண்டையும் "இராசம்மா என்பவர் இன்னாரின் இன்னது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிழை உடனே காதில் விழும்.

பிள்ளைகளை வயது ஒழுங்கில் எழுதுங்கள், மருமக்களை அதே ஒழுங்கில் தொடருங்கள். அப்போதுதான் மூன்றாவது பிள்ளையின் துணை மூன்றாவது பெயர் என்று வாசிப்பவருக்குத் தெரியும். சகோதரர் பிள்ளைகளையும் சேர்ப்பதாயின் முறை பிரியும். இறந்தவர் ஆண் என்றால் சகோதரனின் பிள்ளைகளுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா, சகோதரியின் பிள்ளைகளுக்கு மாமா. பெண் என்றால் சகோதரியின் பிள்ளைகளுக்குப் பெரியம்மா அல்லது சின்னம்மா, சகோதரனின் பிள்ளைகளுக்கு மாமி.

இந்தப் பந்தியைச் சுருக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பின்னால் வருவதைச் சுருக்கலாம், முன்னால் இருப்பதைத் தொடாதீர்கள். தனக்குத் துடக்கு உண்டா, கோயிலுக்குப் போகலாமா என்பதை ஊரில் பலர் இந்தப் பந்தியை வாசித்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

5. அப்பா செத்திட்டார், அம்மா இருக்கிறா. "காலஞ்சென்ற" எண்டு போட்டா அது ரெண்டு பேருக்கும் போய்ச் சேராதோ?

சேரும். "காலஞ்சென்ற வேலுப்பிள்ளை, சின்னம்மா தம்பதிகளின்" என்று எழுதினால் சின்னம்மாவையும் ஊர் அனுப்பிவிடும். உயிரோடு இருப்பவரை முன்னே கொண்டுவாருங்கள்: "சின்னம்மா, காலஞ்சென்ற வேலுப்பிள்ளை தம்பதிகளின்". இருவரும் இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை – சின்னம்மா தம்பதிகளின்". பன்மை வந்ததும் சந்தேகம் போய்விடும்.

நீண்ட சகோதரர் வரிசையில் வயது ஒழுங்கை விடமுடியாது. அங்கே இறந்தவர் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் "அமரர்" என்று போடுவது நல்லது: "நடராசா (அமரர்), பரமேஸ்வரி, தில்லைநாதன் (அமரர்)". பார்க்க அவ்வளவு அழகில்லைதான். ஆனால் உயிரோடு இருப்பவரைச் சாகடிக்காது.

6. "பேரன்" எண்டா தாத்தாவோ, பேரப்பிள்ளையோ?

நம் அறிவித்தலில் பேரன் என்றால் தாத்தா, பேர்த்தி என்றால் பாட்டி. "அபிராமி, ஆதவன் ஆகியோரின் பாசமிகு பேரனும்" என்று கண்டால் இறந்தவர் அவர்களுடைய அம்மப்பாவோ அப்பப்பாவோ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தலைமுறைக்குப் பூட்டன், பூட்டி.

தமிழ்நாட்டில் பேரன் என்பது பிள்ளையின் பிள்ளையை மட்டுமே குறிப்பதால், அங்கே வளர்ந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதைப் பிழை என்று திருத்தப் பார்ப்பார்கள். திருத்த விடாதீர்கள். அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்றால் "அம்மம்மாவும்", "அப்பப்பாவும்" என்று எழுதலாம், மகள் வழியையும் மகன் வழியையும் பிரித்து.

7. முழுசா ஒண்டு எழுதிக் காட்டுங்கோ.

கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். தாய் இறந்திருக்கிறார். கணவர் முன்பே போய்விட்டார். மூன்று பிள்ளைகளில் இருவர் வெளிநாட்டில்.

> மரண அறிவித்தல்
>
> திருமதி இராசம்மா கந்தையா
> (ராசாத்தி அக்கா)
> ஓய்வுபெற்ற ஆசிரியை
>
> தோற்றம்: 04.06.1941 – மறைவு: 10.02.2025
>
> யாழ். இணுவிலைப் பிறப்பிடமாகவும், வண்ணார்பண்ணையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இராசம்மா கந்தையா அவர்கள் 10.02.2025 திங்கட்கிழமை காலமானார்.
>
> அன்னார், காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை – சின்னம்மா தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்றவர்களான சுப்பிரமணியம் – பொன்னம்மா தம்பதிகளின் அன்பு மருமகளும், காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், சிவகுமார் (கனடா), வசந்தி, ரவீந்திரன் (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தாயாரும், மாலினி (கனடா), தவராசா, கலைச்செல்வி (லண்டன்) ஆகியோரின் அன்பு மாமியாரும், பரமேஸ்வரி, காலஞ்சென்ற நடராசா ஆகியோரின் அன்புச் சகோதரியும், அபிராமி, ஆதவன், துளசி ஆகியோரின் பாசமிகு பேர்த்தியும் ஆவார்.
>
> அன்னாரின் இறுதிக்கிரியைகள் 13.02.2025 வியாழக்கிழமை காலை 9.00 மணிக்கு அவரது இல்லத்தில் ஆரம்பமாகி, முற்பகல் 11.30 மணியளவில் பூதவுடல் தகனக்கிரியைக்காகக் கோம்பயன்மணல் இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.
>
> இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.
>
> தகவல்: குடும்பத்தினர்
> (வீட்டு இலக்கம்), கே.கே.எஸ். வீதி, வண்ணார்பண்ணை.

வயதையும் போடுவதாயின் 83. 2025இலிருந்து 1941ஐக் கழித்து 84 என்று போடுவது வழக்கமான தவறு. ஜூன் பிறந்தநாள் இன்னும் வரவில்லை. உறவுப் பந்தி முழுவதும் ஒரே வசனம் என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் "உம்" வரவேண்டும், கடைசியில் ஒரே ஒரு "ஆவார்". நடுவில் முற்றுப்புள்ளி விழுந்தால் வசனம் அந்தரத்தில் நிற்கும்.

8. கிரியை ஒன்பது மணிக்கு, எடுக்கிறது பதினொண்டரைக்கு. எந்த நேரத்தைப் போடுறது?

இரண்டையும். ஒரே நேரத்தை மட்டும் போட்டால் பாதிப் பேர் அதைப் பாடை எடுக்கும் நேரம் என்று நினைத்து வருவார்கள், மற்றவர்கள் கிரியை தொடங்கும் நேரம் என்று நினைப்பார்கள். முகம் பார்க்கப் பிந்தி வந்தவர் வெறும் பந்தலைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

முதலில் குருக்களிடம் நேரம் கேளுங்கள், அதன் பிறகே அச்சகத்துக்குப் போங்கள். கும்பம் வைத்து, திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி போட்டு முடிய இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கரிசிக்கு ஆட்கள் கூடினால் இன்னும் இழுபடும். அதனால் தொடங்கும் நேரத்துக்கு "மணிக்கு" என்றும், எடுக்கும் நேரத்துக்கு "மணியளவில்" என்றும் எழுதுங்கள். அன்று குருக்களுக்கு வேறு வீடும் இருந்தால் அவர் சொல்லும் நேரம் இறுக்கமானது, அதை அரை மணி தள்ளிப் போடுவதற்குக்கூட அவரைக் கேட்க வேண்டும்.

சுண்ணம், பந்தம், கொள்ளி வைப்பவர் பெயர் ஆகியவற்றை நோட்டீசில் எழுதும் வழக்கம் இல்லை. யார் கொள்ளி வைப்பது என்பதில் வீட்டுக்குள் பேச்சு இருந்தால், அது சுவரில் ஏறாமல் இருப்பதே நல்லது.

9. பொடி இன்னும் ஆஸ்பத்திரியிலதான். நோட்டீஸ் அடிக்கலாமோ?

விபத்து, தற்கொலை, வீட்டில் திடீர்ச் சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்க வேண்டும். அவர் பணித்தால் பிரேத பரிசோதனையும் நடக்கும். உடல் எப்போது கைக்கு வரும் என்பதை வீட்டார் தீர்மானிக்க முடியாது. இந்த நிலையில் நேரம் போட்டு அடித்தால் திரும்ப அடிக்க வேண்டி வரும், அதைவிட மோசம், பழைய நோட்டீசும் புதியதும் ஒரே மதிலில் நிற்கும்.

முதல் இரண்டு பந்திகளையும் எழுதிப் பிழை பார்த்து அச்சகத்தில் கொடுத்துவையுங்கள். மூன்றாவது பந்தியை உடல் வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு தொலைபேசியில் சொல்லலாம். ஊருக்கு உடனே தெரியவேண்டும் என்றால் "இறுதிக்கிரியைகள் பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று வட்ஸப்பில் மட்டும் விடுங்கள்.

10. இரவு ஒண்டரைக்குச் செத்தவர். திங்களோ, செவ்வாயோ?

இங்கே இரண்டு கணக்கு இருக்கிறது. மரணச் சான்றிதழில் நள்ளிரவு தாண்டியதும் திகதி மாறும், நோட்டீசுக்கும் அதுதான்: "11.02.2025 செவ்வாய்க்கிழமை அதிகாலை 1.30". "திங்கள் நள்ளிரவு" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு நாளாக விளங்கிக்கொள்வார்கள்.

திதி வேறு. அது நள்ளிரவில் மாறுவதில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். ஆண்டுத் திவசம் திதியை வைத்தே வருவதால் உயிர் போன நேரத்தை மணி, நிமிடத்தோடு ஒரு தாளில் எழுதிக் குருக்களிடம் கொடுங்கள். நினைவு மலரில் வரும் திதி வெண்பாவுக்கும் அந்தக் குறிப்பே வேண்டும். நோட்டீசில் திதி தேவையில்லை.

11. அப்பா கனடாவில காலமானார், ஊரிலயும் நோட்டீஸ் ஒட்டவேணும். திகதி, நேரம் எப்பிடி?

இறந்த இடத்துத் திகதியையே போடுங்கள். பெப்ரவரி 10 இரவு 11 மணிக்கு ரொறன்ரோவில் இறந்தால், யாழ்ப்பாணத்தில் அப்போது 11ஆம் திகதி காலை 9.30. ஊரில் கேள்விப்பட்ட நாளை எழுதிவிட்டால் கனடாச் சான்றிதழோடு ஒத்துவராது. குருக்களுக்குச் சொல்லும்போது "கனடா நேரம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திதி பிழைக்கும்.

முதல் பந்தி நீளும்: "யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட". இடையில் கொழும்பிலோ ஜேர்மனியிலோ நெடுநாள் இருந்திருந்தால் அதையும் சேர்ப்பார்கள். அங்கே பார்வைக்கு வைக்கும் நாளும் தகனம் நடக்கும் நாளும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். நேரலை பார்ப்பவர்களுக்கு "இலங்கை நேரம்" என்று ஒரு வரி போதும்.

12. எட்டுச்செலவு, அந்தியேட்டி நாளையும் இதிலயே போட்டிடலாமோ?

வேண்டாம். எட்டுச்செலவு நெருங்கிய சொந்தத்தோடு முடிவது, குருக்களும் வீட்டாரும் வசதி பார்த்து முன்பின் மாற்றுவதும் உண்டு. அந்தியேட்டி 31ஆம் நாள். இறந்த நாளை முதல் நாளாக எண்ண வேண்டும். 7ஆம் கேள்வியில் உள்ள அம்மாவுக்கு அது 12.03.2025 புதன்கிழமை. அடுத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி 13 என்று மண்டபம் பதிந்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

அந்தியேட்டிக்குத் தனி அட்டை அடிப்பார்கள். கீரிமலையில் கிரியை, பிறகு வீட்டுக்கிருத்தியம், மதிய போசனம் என்று அதில் வரும். 1ஆம் கேள்வியில் தடுத்த "அழைக்கின்றோம்" என்ற சொல்லுக்கு இடம் அங்கேதான்.

13. தம்பி 2009இல காணாமல் போனவர். அவற்ற பேரை எப்பிடிப் போடுறது?

"காலஞ்சென்ற" என்று போடாதீர்கள். வீட்டில் ஒருவராவது அவர் வருவார் என்று இருக்கும்வரை அந்தச் சொல்லை எழுதும் உரிமை நோட்டீஸ் எழுதுபவருக்கு இல்லை. அவருடைய வயது ஒழுங்கில் பெயரை அடைமொழி இல்லாமல் எழுதலாம். சில வீடுகளில் "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொல்வார்கள். எது என்பதை அவருடைய மனைவியிடமோ தாயிடமோ கேளுங்கள். இறந்தவரே தாய் என்றால் அவர் வாழ்நாளில் எப்படிச் சொல்லிவந்தாரோ அப்படியே எழுதுங்கள்.

14. மூத்தவனோட பத்து வருசமாக் கதை பேச்சு இல்லை. பேரை விடலாமோ? இரண்டாந்தாரப் பிள்ளையளை என்ன செய்யிறது?

பிள்ளை பிள்ளைதான், பெயர் வரவேண்டும். விட்டால் ஊர் அந்த ஒரு பெயர் இல்லாததைத்தான் வாசிக்கும். மருமகள் பிரிந்து போயிருந்தால் அவர் பெயரை விடலாம். அப்போது 4ஆம் கேள்வியில் சொன்ன வரிசைப் பொருத்தம் ஒன்று தள்ளிப்போகும் என்பதை மனதில் வையுங்கள்.

இரண்டு தாரத்துப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் வயது ஒழுங்கில் எழுதுங்கள், "முதல் தாரத்து" என்ற பேச்சே வேண்டாம். மனைவியர் பெயர் மட்டும் "காலஞ்சென்ற அன்னலட்சுமி, மற்றும் யோகேஸ்வரி ஆகியோரின் அன்புக் கணவரும்" என்று வந்தால் 5ஆம் கேள்வியின் சிக்கல் திரும்ப வரும். "யோகேஸ்வரி, காலஞ்சென்ற அன்னலட்சுமி" என்று மாற்றுங்கள். எடுத்து வளர்த்த பிள்ளைக்கு "வளர்ப்பு" என்று எழுதுவதா என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும், மாமாமாரிடம் அல்ல.

15. வட்ஸப்பில சரியா அனுப்பினனான். அடிச்சு வந்ததில எப்பிடிப் பிழை வந்தது?

நீங்கள் அனுப்புவது யூனிகோட். பல அச்சகங்களில் வடிவமைப்பு இன்னும் பாமினி எழுத்துருவில். நேரே ஒட்டினால் எழுத்து குழம்பும், அதனால் மாற்றியை ஓட்டுவார்கள் அல்லது புதிதாகத் தட்டுவார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது, "ஸ்ரீ" காணாமல் போவது வழமை. புதிதாகத் தட்டினால் ஒரு பெயர் அப்படியே விடுபடும், அதுவும் நடுவரியில்.

ஆகவே ஒரு தாளில் மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். இருவர் பார்க்க வேண்டும்: ஒருவர் உங்கள் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத் தாளில் பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். பெயர்களை எண்ணிப் பாருங்கள், 7ஆம் கேள்வியின் உறவுப் பந்தியில் 16 பெயர். பிறகு திகதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று கலண்டரில் பாருங்கள். அழுது களைத்த வீட்டாரிடம் மாதிரியைக் காட்டி "சரியோ" என்று கேட்காதீர்கள், அவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள்.